எல்டிஏ: எந்த டிக்கெட் கணக்கில் வரும், எந்தப் பயணம் எந்த ப்ளாக்கில் சேரும்?

கேள்வி: சென்னையில் தனியார் கம்பெனியில் வேலை. 2025-26-க்கு சம்பளத்தில் எல்டிஏ என்னும் விடுமுறைப் பயணப்படி 60,000 ரூபாய். போன அக்டோபரில் நான், மனைவி, 11, 7 வயதில் இரண்டு பிள்ளைகள், என் அம்மா, மாமியார் என ஆறு பேர் டெல்லி போய்வந்தோம். போகும்போது விமானம்: டிக்கெட் 44,400, சீட், சாப்பாடு 3,000. திரும்பும்போது ரயில்: 13,200. ஹோட்டல் 38,400. ஒருநாள் ஆக்ரா போய்வந்த டாக்ஸி 14,000. மொத்தம் 1,13,000 ஆகிறது. 60,000-க்கும் வரிவிலக்கு கிடைக்குமா? 2023 மே மாதம் ஒருமுறை க்ளெய்ம் செய்திருக்கிறேன். இந்த ஜனவரியில் நாங்கள் நால்வர் திருச்செந்தூர் போய்வந்ததையும் (ரயில் 8,800) சேர்க்கலாமா?

பதில்: விலக்கு 48,000 ரூபாய்க்குத்தான் கிடைக்கும். மீதி 12,000 சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். திருச்செந்தூர் டிக்கெட்டைச் சேர்க்க இடம் இருக்கிறது, ஆனால் சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன். காரணம் பின்னால்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இந்த விலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான். வருட ஆரம்பத்தில் நீங்கள் எதுவும் தேர்வு செய்து கொடுக்கவில்லை என்றால் கம்பெனி உங்களைப் புதிய முறையில் வைத்துத்தான் டிடிஎஸ் பிடித்திருக்கும். அப்படியானால் 60,000-மும் வரிக்குட்பட்டது, கீழே உள்ள கணக்குக்கே வேலை இல்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கெடு தேதிக்குள் பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் எல்டிஏவுக்காக மட்டும் மாறுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. வீட்டு வாடகை, 80சி எல்லாம் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

இனி டிக்கெட்டுகள். சட்டம் பார்ப்பது பயணக் கட்டணத்தை மட்டும். ஹோட்டல் 38,400 அப்படியே வெளியே போகிறது. விமானத்தில் சீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த 3,000-மும் கட்டணம் ஆகாது. இன்வாய்ஸில் அது தனி வரியாகவே இருக்கும், அதனால் பேரோலில் உடனே கண்ணில் படும்.

அடுத்து, யார் யார் டிக்கெட். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு. உங்களைச் சார்ந்து வாழ்கிறார்கள் என்றால் பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கும் உண்டு. அம்மாவுக்குச் சொந்தமாகப் பெரிய வருமானம் இல்லையென்றால் அவர் வருவார். மாமியார் வர மாட்டார். அவர் முழுக்க உங்கள் பராமரிப்பில் இருந்தாலும் ‘குடும்பம்’ என்று சட்டம் தரும் விளக்கத்தில் மனைவியின் பெற்றோர் இல்லை. ஒரே பிஎன்ஆரில் ஆறு பெயர் இருப்பதால் மொத்தத் தொகையை அப்படியே எழுதிவிடுவது பலரும் செய்வதுதான். தலைக்குப் பிரித்து எழுதுங்கள்: விமானம் 7,400, ரயில் 2,200. பிள்ளைகள் இருவருக்கும் தனி பெர்த் எடுத்திருந்தால் ரயிலில் முழுக் கட்டணம் வந்திருக்கும், எனவே சமமாக வகுப்பதில் சிக்கல் இல்லை.

ஐந்து பேருக்கு விமானம் 37,000, ரயில் 11,000. ஆகமொத்தம் 48,000. விமானத்துக்கு உச்சவரம்பு, மிகக் குறுகிய வழியில் எகானமி கட்டணம். நீங்கள் நேரடி விமானத்தில் எகானமியில் போயிருந்தால் அந்த வரம்பு இடிக்காது. எல்டிஏவாக வாங்கியது 60,000, தகுதியான செலவு 48,000. இரண்டில் எது குறைவோ அதுதான் விலக்கு.

ஆக்ரா டாக்ஸி பற்றிக் கொஞ்சம். புறப்பட்ட ஊரிலிருந்து மிகத் தொலைவான இடம் வரைக்கும், அங்கிருந்து திரும்பவும், குறுகிய வழியில் ஆகும் கட்டணம்தான் கணக்கு. உங்களுக்குத் தொலைவான இடம் டெல்லி. டெல்லியில் தங்கிக்கொண்டு ஆக்ரா போய்வந்தது ஊர் சுற்றிப் பார்த்த செலவு, அது வராது. ஆனால் சென்னை–டெல்லி ரயில் பாதையிலேயே ஆக்ரா இருக்கிறது. டாக்ஸியில் ஆக்ரா போய், பார்த்துவிட்டு, அங்கிருந்தே சென்னைக்கு ரயில் ஏறியிருந்தால், டெல்லி–ஆக்ரா துண்டு திரும்பும் பயணத்தின் பகுதியாகியிருக்கும். அப்போது அந்த வாடகையில், ரயிலில் ஏசி முதல் வகுப்புக்கு என்ன ஆகுமோ அதுவரை கேட்டிருக்கலாம். அடுத்த முறைக்கு நினைவில் இருக்கட்டும்.

சரி, ப்ளாக்குக்கு வருவோம். சம்பளமும் வரியும் ஏப்ரல்–மார்ச் கணக்கில் ஓடுகின்றன, எல்டிஏ ப்ளாக் மட்டும் ஜனவரி–டிசம்பர் கணக்கில் ஓடுகிறது. குழப்பம் எல்லாம் இங்கேதான். 2022 முதல் 2025 வரை ஒரு ப்ளாக், அதில் இரண்டு பயணங்களுக்கு விலக்கு. 2023 மே ஒன்று, 2025 அக்டோபர் இரண்டு. தீர்ந்தது.

திருச்செந்தூர் பயணம் ஜனவரி 2026. நிதியாண்டு அதே 2025-26 என்றாலும், காலண்டர் ஆண்டு மாறிவிட்டதால் அது 2026–2029 ப்ளாக்கின் முதல் பயணமாகிவிடும். இந்த வருட எல்டிஏவில் 12,000 மீதம் இருப்பதால், கம்பெனி விதி தடுக்கவில்லை என்றால் 8,800-க்கு விலக்கு கேட்கலாம். நீங்கள் 20 சதவீத வரம்பில் இருந்தால் செஸ் சேர்த்து மிச்சமாவது சுமார் 1,830 ரூபாய். அதற்காகப் புதிய ப்ளாக்கின் இரண்டு வாய்ப்புகளில் ஒன்றைக் கொடுத்துவிடுவீர்கள். டெல்லிப் பயணத்தில் அதே வரம்பில் மிச்சம் 9,984. இன்னொரு பெரிய பயணம் மனதில் இருந்தால் திருச்செந்தூரை விட்டுவிடுங்கள்.

ஒருவேளை 2023-இல் நீங்கள் உண்மையில் க்ளெய்ம் செய்யவே இல்லை என்று தெரியவந்தால் கதை வேறு. பயணம் போயிருந்தும் ப்ரூஃப் கொடுக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். பயன்படுத்தாத ஒரு வாய்ப்பு அடுத்த ப்ளாக்கின் முதல் காலண்டர் ஆண்டுக்கு நகரும், புதிய இரண்டில் அது கழியாது. அப்போது திருச்செந்தூரை அந்தக் கணக்கில் தாராளமாகப் போடலாம். இரண்டும் மிச்சமிருந்தாலும் நகர்வது ஒன்றுதான்.

க்ளெய்ம் ஆனதா என்று பார்க்க 2023-24 படிவம் 16-இன் பகுதி பி-யை எடுங்கள். அதில் Travel concession or assistance under section 10(5) என்ற வரியில் தொகை இருந்தால் ஒரு வாய்ப்பு போயிற்று, பூஜ்யம் என்றால் கம்பெனி வழியாக எதுவும் கேட்கப்படவில்லை. அப்படியே அந்த வருட ரிட்டர்னையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நேரடியாக அதில் கேட்டிருக்கலாம். இடையில் வேலை மாறியிருந்தால் பழைய கம்பெனியின் படிவம் 16-ஐயும் பாருங்கள். ப்ளாக் கணக்கு ஆளோடு போகிறது, புதிய கம்பெனியில் புதிதாக ஆரம்பிப்பதில்லை.

கம்பெனிக்குக் கொடுக்கும் படிவம் 12பிபி-யில் 48,000 என்று எழுதி, விமான இன்வாய்ஸ், போர்டிங் பாஸ், ரயில் இ-டிக்கெட் மூன்றையும் இணையுங்கள். போர்டிங் பாஸ் போனில் மட்டும் இருந்தால் இப்போதே சேமித்துவையுங்கள். பயணத் தேதிகளில் உங்களுக்கு லீவு பதிவாகியிருக்கிறதா என்பதையும் எச்ஆர் போர்ட்டலில் பாருங்கள், ஏனென்றால் லீவில் போன பயணத்துக்குத்தான் இந்த விலக்கு. ப்ரூஃப் கெடு முடிந்துவிட்டது என்றால் ரிட்டர்னில் 10(5)-இன் கீழ் நீங்களே கேட்டுக்கொள்ளலாம். நோட்டீஸ் வந்தால் காட்ட இதே காகிதங்கள்தான் வேண்டும்.