பௌர்ணமி நிலாவுக்கு ஏன் பாதி கருப்பு?

சார், ஜே.பி. நகர்ல இருக்கோம். ஆறாவது படிக்கிற என் பொண்ணு ஸ்கூலுக்கு நிலாவோட பிறைப்படம் வரைஞ்சா. எட்டு நிலாவையும் பாதி வெள்ளை பாதி கருப்புன்னே தீட்டியிருக்கா, பௌர்ணமியைக்கூட. டீச்சர் சிவப்பு மைல சுழிச்சு அனுப்பிட்டாங்க. யார் சொல்றது சரி?

அன்புள்ள நண்பருக்கு,

உங்க பொண்ணு போட்டதுல தப்பே இல்ல, பாதி வேலை மிச்சம் இருக்கு, அவ்வளவுதான். அவ வரைஞ்சது வடதுருவத்துக்கு மேல நின்னு குனிஞ்சு பாத்தா தெரியிற காட்சி, அங்கேருந்து என்னைக்குப் பாத்தாலும் நிலால சூரியன் பக்கத்துப் பாதிதான் வெள்ளை. டீச்சர் கேக்கறது பூமில நின்னு பாக்கறது. அதனால அந்த எட்டையும் அழிக்க வேணாம், அதைச் சுத்தி வெளிய இன்னொரு வளையம் போடச் சொல்லுங்க.

சூரியன் பேப்பருக்கு வலது பக்கம்னு வெச்சுக்குவோம். அங்கேருந்து வர்ற வெளிச்சத்துக்கு நாலஞ்சு அம்பு, எல்லாம் இணையா இருக்கணும், விசிறி மாதிரி விரிஞ்சா ஒவ்வொரு நிலாவும் ஒவ்வொரு பக்கம் சாஞ்சிடும். கடிகாரத்துல 3 இருக்கற இடம் அமாவாசை. அங்கேருந்து முள்ளுக்கு எதிர்த்திசைல போகணும், 12ல அஷ்டமி, 9ல பௌர்ணமி, 6ல தேய்பிறை அஷ்டமி.

இப்ப 10க்கும் 11க்கும் நடுவுல இருக்கற நிலாவை எடுங்க, வளர்பிறை துவாதசி வாக்குல வர்றது. பூமிலேருந்து அதுக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குச் செங்குத்தா நிலா நடுவுல இன்னொரு கோடு. பூமியைப் பாத்த பாதி மட்டும்தான் நம்ம கண்ணுக்கு. அதுல பெரும்பகுதி வெள்ளை, ஒரு ஓரம் மட்டும் கருப்பு. எந்த ஓரம்? பேப்பரைத் திருப்பி, பூமி உங்க பக்கமாவும் நிலா நேர் எதிர்லயும் வர்ற மாதிரி வைங்க, கருப்பு இடது கைப் பக்கம் நிக்கும். அதையே வெளி வளையத்துல வரைஞ்சா முடிஞ்சுது.

பேப்பரைத் திருப்பாதவங்க மாட்டிக்கிற இடம் 6. உள் வளையத்துல அந்த நிலாவுக்கு வலது பாதி வெள்ளை, அதையே பாத்து வெளியவும் வலது பாதியை வெள்ளையா விட்டுடுவாங்க. தலைகீழாத் திருப்பிப் பாத்தா இடது பாதி வெள்ளை, தேய்பிறைக்கு அதான் சரி. சில புத்தகத்துல சூரியன் இடது பக்கம் இருக்கும், அப்ப அமாவாசை 9க்குப் போயிடும், வளர்பிறை அஷ்டமி 6க்கு வந்துடும், ஆனா சுத்துற திசை மாறாது. ரெண்டு புத்தகத்தைப் பாத்துக் கலந்து அடிச்சா குளறுபடிதான்.

இன்னொண்ணு. மாசி, பங்குனில மூணாம் பிறையை மொட்டை மாடிலேருந்து பாத்தா படத்துல இருக்கற மாதிரி வலது பக்கம் வளைஞ்சு நிக்காது, படகு மாதிரி படுத்துக் கிடக்கும், பெங்களூர் பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கம். பொண்ணு "படம் தப்புப்பா"ன்னு சொன்னா தலையை வலது தோள்ல சாச்சுப் பாக்கச் சொல்லுங்க, படத்துல இருக்கற பிறையே தெரியும்.