"எல்லோரும் அசத்திட்டீங்க" என்பதற்குப் பதிலாக என்ன எழுதலாம்?

கேள்வி: ஒரு நூற்பாலைக் குழுமத்தின் கணினிப் பிரிவில் எட்டுப் பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். பழைய இருப்புக் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை நான்கு மாதத்தில் முடிய வேண்டியது, ஏழு மாதம் இழுத்துவிட்டது. நடுவில் இருவர் விலகிவிட்டார்கள். நன்றி சொல்லி மெயில் போட உட்கார்ந்தால் "எல்லோரும் சிறப்பாகப் பணியாற்றினீர்கள்" என்பதற்கு மேல் வரவில்லை. தனித்தனியாகச் சொன்னால் யாராவது வருத்தப்படுவார்களோ என்றும் பயம். எப்படி எழுதுவது?

பதில்: எழுத வராததற்குக் காரணம் மொழியல்ல, தகவல் கையில் இல்லாததுதான். ஏழு மாத வேலையில் நமக்கு நினைவிருப்பது கடைசி இரண்டு வாரமும், அப்போது கண்ணில் பட்டவர்களும் மட்டுமே. அதனால் முதலில் புகார்ப் பதிவுகள், கூட்டக் குறிப்புகள், குழுவின் வாட்ஸ்அப் ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்து புரட்டுங்கள். எங்கெல்லாம் வேலை முடங்கியது, யார் கை வைத்த பிறகு நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: "யார் செய்த எந்த உதவி இல்லாவிட்டால் உங்கள் வேலை நின்றிருக்கும்?" பாதியில் வந்து சேர்ந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரின் பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது. இந்தக் கேள்விக்குத்தான் வெளிவரும்.

எழுதும்போது சூழல், செயல், விளைவு என்ற வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் அமைப்பு, கருத்துச் சொல்வதற்காகக் கற்றுத்தரும் முறை இது. உங்கள் வேலையைப் போன்ற ஒன்றில் தரவைச் சுத்தம் செய்தவருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "உங்கள் அர்ப்பணிப்புக்கு நன்றி" என்ற வரியை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இதை அப்படி அனுப்ப முடியாது:

"ஒரே நாற்பதாம் நம்பர் கோம்டு நூல் மூன்று கிடங்குகளில் மூன்று குறியீட்டில் இருந்ததைத் தரவு ஏற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்தீர்கள். பட்டியலை அப்படியே ஏற்றிவிடாமல், ஸ்டோர் கீப்பர்களோடு உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்த்தீர்கள். முதல் மாதக் கடைசியில் கணக்கு இருப்பும் கிடங்கு இருப்பும் ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம்."

பெயரை மாற்றினாலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அனுப்புவதற்கு முன் விவரங்களை அந்த வேலையை அறிந்த இன்னொருவரிடம் சரிபார்ப்பது முக்கியம். ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டால், பொதுவான புகழ்ச்சியே தேவலை என்றாகிவிடும்.

எளிதில் விட்டுப்போவது, பிரச்சினையை வரவிடாமல் தடுத்தவர்கள்தான். சோதனை செய்தவர் பிழையைப் பிடித்ததால் எதுவும் நடக்கவில்லை; நடக்காதது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. "இன்னும் தயாராகவில்லை, தேதியைத் தள்ளிப்போடுங்கள்" என்று கூட்டத்தில் சொன்னவர் ஒருவர் இருந்திருப்பார். அன்று அவர்மீது எல்லோருக்கும் எரிச்சல் வந்திருக்கும். அவர் சொன்னது சரியாக இருந்திருந்தால், அதைப் பெயர் சொல்லியே எழுதுங்கள். அடுத்த வேலையில் மற்றவர்களும் வாய் திறப்பார்கள்.

இரவு தங்கியதை மட்டும் தனியாகப் புகழாதீர்கள். குழந்தையை அழைத்துவர ஆறு மணிக்குக் கிளம்பி, தன் பங்கைச் சுத்தமாக முடித்தவருக்கு அது குத்தும். தங்கியவர் அன்றிரவு எதைச் சரிசெய்தார் என்று சொன்னால் போதும். தங்க நேர்ந்தது திட்டக் கோளாறால் என்றால், அது நிர்வாகத்தின் பிழை என்று ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள்.

வருத்தம் வருமோ என்ற பயம் நியாயமானதே. எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே நீளம் வைத்து, பதவி வரிசையை விட்டு வேலை நடந்த வரிசையில் எழுதினால் பெரும்பாலும் வராது. குறைவாகச் செய்தவருக்குச் சின்னதாக, ஆனால் உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள். ஊதிச் சொன்னால் மற்ற ஏழு வரிகளும் நம்பகத்தன்மையை இழக்கும். விலகிய இருவரின் பங்கையும், ஸ்டோர் கீப்பர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல்நலம், குடும்பச் சிக்கல் நடுவே ஒருவர் உழைத்திருந்தால் அது பொது மெயிலில் வேண்டாம், நேரில் சொல்லலாம்.

நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகவே கணித்தார்கள்; அவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டார்கள்.

ஒவ்வொருவருக்கும் எழுதிய பத்தியை மதிப்பீட்டுக் கோப்பிலும் சேர்த்து, உங்கள் மேலதிகாரிக்கும் நகல் அனுப்புங்கள். சம்பள உயர்வு பேசும்போது அவருக்கு இந்த விவரம் எதுவும் நினைவிருக்காது. ஞாயிறு வேலைக்கான காம்ப்-ஆஃப் யாருக்காவது நிலுவையில் இருந்தால், மெயில் போவதற்கு முன்பே அனுமதித்துவிடுங்கள்.