‘இங்கே சரியாக வருகிறதே’ என்று டிக்கெட் திரும்பி வந்தால்: பிழை அறிக்கை பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் அலுவலக வாடிக்கையாளர் பட்டியலில் ‘கோபால்’ என்று தேடினால் சில கோபால்கள் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. ‘தேடல் சரியாக வேலை செய்யவில்லை’ என்று டிக்கெட் போட்டேன். ‘இங்கே சரியாக வருகிறது’ என்று மூடிவிட்டார்கள். இனி என்ன எழுதுவது?

டெவலப்பர் தன் கணினியில் ஒரு கோபாலைச் சேர்த்திருப்பார், தேடியிருப்பார், வந்திருக்கும். உங்கள் வரியை வைத்து அவரால் அதற்கு மேல் எதையும் செய்து பார்க்க முடியாது. ஆனால் ‘சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை’ என்று இங்கே எழுதியிருக்கிறீர்களே, டிக்கெட்டில் இல்லாத அந்த விஷயம்தான் துப்பு.

வரும் பதிவு ஒன்றையும் வராத பதிவு ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எப்போது சேர்த்தது, யார் சேர்த்தது, படிவத்தில் தட்டச்சு செய்ததா, கோப்பிலிருந்து ஏற்றியதா என்று பாருங்கள். வராதவை எல்லாம் ஒரு பழைய கோப்பிலிருந்து வந்தவை என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தமிழ்ப் பெயர் என்பதால் அடுத்துப் பார்க்க வேண்டியது எழுத்துகளின் குறியெண். குரோமில் F12 அழுத்தி, கன்சோலில் இதைப் போடுங்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயரை ஒவ்வொரு பதிவிலிருந்தும் நகலெடுத்து ஒட்ட வேண்டும். முதல்முறை ஒட்டும்போது குரோம் தடுத்தால் `allow pasting` என்று தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள்.

```
[..."கோபால்"].map(c => c.codePointAt(0).toString(16))
```

தட்டச்சு செய்த பெயருக்கு `b95, bcb, baa, bbe, bb2, bcd` என்று ஆறு எண்கள் வரும். வராத பதிவில் ஏழு எண்கள் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது: `bcb` இருக்க வேண்டிய இடத்தில் `bc7, bbe` என்று இரண்டு நிற்கும். முதல் பெயரில் ஓகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்கிறது, இரண்டாவதில் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கின்றன. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலத்தான் தெரியும். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகள். அவற்றிலிருந்து மாற்றிய கோப்புகளில் இந்தப் பிளவு அப்படியே தங்கிவிடக்கூடும்.

இனி அறிக்கையை இப்படி எழுதலாம்.

> தலைப்பு: CSV வழியாக ஏற்றிய பெயரில் ‘ோ’ இரண்டு குறியெண்களாக இருந்தால், தேடலில் அந்தப் பதிவு வருவதில்லை
>
> சூழல்: வெர்ஷன் 4.2.1, சோதனை சர்வர், விண்டோஸ் 11, குரோம் (`chrome://version` பக்கத்தின் முதல் வரி இணைப்பில்)
>
> படிகள்:
> 1. இணைத்துள்ள `gopal-test.csv` கோப்பை ‘இறக்குமதி’ பக்கத்தில் ஏற்றவும். இரண்டு வரிகள்: வாடிக்கையாளர் எண் 9001 (ஓகாரம் ஒரே குறியெண்), 9002 (இரண்டு குறியெண்கள்). பெயர் இரண்டிலும் ‘கோபால்’.
> 2. ‘வாடிக்கையாளர்கள்’ பக்கத்தில் இரண்டு வரிகளும் தெரிவதை உறுதி செய்யவும்.
> 3. தேடல் பெட்டியில் ‘கோபால்’ என்று விசைப்பலகையில் தட்டச்சு செய்து என்டர் அழுத்தவும்.
>
> எதிர்பார்த்தது: 9001, 9002 இரண்டும் வர வேண்டும். யூனிகோடு தரத்தின்படி 0BCB என்பதும் 0BC7 + 0BBE என்பதும் ஒரே எழுத்தாகக் கருதப்பட வேண்டியவை.
>
> நடந்தது: 9001 மட்டும் வருகிறது. 10 முறையில் 10 முறையும் இப்படியே.
>
> ஆதாரம்: CSV கோப்பு, தேடல் முடிவின் ஸ்க்ரீன்ஷாட், நெட்வொர்க் டேபிலிருந்து எடுத்த கோரிக்கையும் பதிலும்.

இதில் முக்கியமானது CSV கோப்பு. பெயரை டிக்கெட்டில் ஒட்டினால், வழியில் ஏதாவது ஒரு மென்பொருள் இரண்டு குறியெண்ணையும் ஒன்றாக்கிவிடலாம், டெவலப்பரிடம் போய்ச் சேரும்போது பிழையே காணாமல் போய்விடும். கோப்பாக இணைத்தால் பைட்டுகள் மாறாது. கோப்பு இல்லாவிட்டாலும் கன்சோலில் பிரிந்த வடிவத்தை உருவாக்கி கிளிப்போர்டில் எடுத்துக்கொள்ளலாம்.

```
copy("கோபால்".normalize("NFD"))
```

உண்மையான வாடிக்கையாளர் கோப்பை இணைக்க வேண்டாம். இரண்டு வரிகளுக்குச் சுருக்கிய கோப்பில் தனிப்பட்ட விவரம் எதுவும் வெளியே போகாது, டெவலப்பருக்கும் தேட வேண்டிய இடம் குறைகிறது.

ஓர் எச்சரிக்கை. ‘கௌரி’ வரவில்லை என்றும் சேர்த்து எழுதும் முன் குறியெண்ணைப் பாருங்கள். பலர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்று தட்டச்சு செய்வதுண்டு. யூனிகோடு கணக்கில் அது வேறு சொல். அதைத் தேடலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம், ஆனால் அது புதிய வசதிக்கான கோரிக்கை. இந்த டிக்கெட்டில் கலந்தால் இரண்டும் இழுபறியாகும்.

கேள்வி: ‘எதிர்பார்த்தது’ என்ற இடத்தில் ‘சரியாக வேலை செய்ய வேண்டும்’ என்றுதான் எழுதத் தோன்றுகிறது. வேறு என்ன எழுத முடியும்? பல தடவை ‘வடிவமைப்பே அப்படித்தான்’ என்று பதில் வருகிறது.

கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதை எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்த எண், எந்த வாசகம். ‘மொத்தம் ரூ. 1,180 என்று காட்ட வேண்டும் (1,000 + 18% வரி 180)’ என்று எழுதினால் அதில் வாதத்துக்கு இடமில்லை.

கூடவே, அதை ஏன் எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு வரி வேண்டும். தேவை ஆவணத்தில் இருந்தால் அந்தப் பிரிவின் எண். இல்லையென்றால், அதே செயலியின் வேறு பக்கம் வேறு விதமாக நடந்துகொள்வதைக் காட்டலாம். முந்தைய வெர்ஷனில் சரியாக இருந்தது என்றால் அது எல்லாவற்றையும்விட வலுவானது: ‘4.1.9இல் சரி, 4.2.0 முதல் தவறு’ என்று எழுதினால் அந்த இரண்டுக்கும் இடையில் மாறிய நிரல் வரிகளை மட்டும் பார்த்தால் போதும். இந்த மூன்றில் எதுவும் கிடைக்காவிட்டால் அதைப் பிழை என்று சொல்லாமல் கேள்வியாகக் கேட்பதே முறை.

காரணத்தைப் பற்றிய உங்கள் ஊகத்தை ‘நடந்தது’ பகுதிக்குள் நுழைக்காதீர்கள். ‘டேட்டாபேஸ் கோளாறு’ என்று அங்கே எழுதினால் டேட்டாபேஸ் ஆள் வந்து, பார்த்து, இல்லை என்று திருப்பி அனுப்புவார். ஊகம் இருந்தால் கடைசியில் ‘ஊகம்’ என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

கேள்வி: பிழை எப்போதாவதுதான் வருகிறது. படிகளை எப்படி எழுதுவது?

முதலில் எண்ணுங்கள். ‘சில சமயம்’ என்பதற்குப் பதில் ‘20 முறை செய்ததில் 4 முறை’ என்று எழுத வேண்டும். பிறகு ஒரே ஒரு நிலையை மட்டும் மாற்றி மறுபடி எண்ணுங்கள். ‘சேமி’ பொத்தானை அழுத்தினால் சில நேரம் இரண்டு பதிவு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். குரோமின் நெட்வொர்க் டேபில் `No throttling` என்று இருப்பதை `3G` ஆக மாற்றி, பொத்தானை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். அப்போது ஒவ்வொரு முறையும் இரண்டு பதிவு விழுந்தால், ‘எப்போதாவது’ வரும் பிழை ‘எப்போதும்’ வரும் பிழையாகிவிட்டது. இணைப்பு மெதுவாக இருந்து, பயனர் பொறுமையிழந்து மறுபடி அழுத்தும்போது வருவது இது. படிகளில் அந்த இரண்டையும் எழுதிவிடலாம்.

இப்படிச் சுருக்க முடியாவிட்டால் நேரத்தைக் குறித்து வையுங்கள், நொடி வரை. எந்த நேர மண்டலம் என்றும் எழுதுங்கள். சர்வர் லாக் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் 14:05 என்றால் அங்கே 08:35. இதைச் சொல்லாமல் விட்டால் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடிவிட்டு, லாகில் எதுவும் இல்லை என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.

எண்ணி வைத்த விகிதம், சரிசெய்துவிட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகும் தேவைப்படும். ஐந்தில் ஒருமுறை வரும் பிழையை ஐந்து முறை செய்து பார்த்து, வரவில்லை என்று திருப்திப்பட முடியாது. எதையுமே சரிசெய்யாவிட்டாலும் அது ஐந்து முறையும் வராமல் இருக்க 33 சதவீத வாய்ப்பு உண்டு. 20 முறை செய்து ஒருமுறைகூட வரவில்லை என்றால் அந்த வாய்ப்பு ஒரு சதவீதத்தை ஒட்டிக் குறைந்துவிடும்.

கேள்வி: ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறேன், போதாது என்கிறார்கள். வேறு என்ன ஆதாரம்?

ஸ்க்ரீன்ஷாட் கடைசி நிலையைத்தான் காட்டும். பிழைச் செய்தி இருந்தால் அதை எழுத்தாகவும் ஒட்டுங்கள்; அப்போதுதான் அந்த வாசகத்தை நிரலில் தேட முடியும். படத்தை வெட்டும்போது முகவரிப் பட்டியை விட்டுவிடாதீர்கள், எந்த சர்வர், எந்தப் பக்கம் என்பது அதில்தான் இருக்கிறது.

இணையச் செயலி என்றால் நெட்வொர்க் டேபில் `Preserve log` டிக் செய்துவிட்டு, பிழையை மறுபடி வரவழையுங்கள். தவறிய கோரிக்கையைக் கிளிக் செய்து அதன் `Status Code` எண்ணையும் `Response` பகுதியையும் நகலெடுங்கள். 500 என்றால் சர்வரில் ஏதோ உடைந்திருக்கிறது. 200 வந்து, பதிலில் இருக்க வேண்டிய பதிவு இல்லை என்றால், சர்வர் தன் கணக்கில் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. திரையை வடிவமைத்தவரிடம் டிக்கெட் போக வேண்டியதில்லை. பதிலில் பதிவு இருந்து திரையில் இல்லையென்றால் நேர் எதிர். இந்த ஒரு தகவல் டிக்கெட் மேசை மேசையாக அலைவதைத் தவிர்க்கும்.

ஆண்ட்ராய்டு செயலி திடீரென மூடிக்கொண்டால், யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியில் இணைத்து உடனே இதை ஓட்டுங்கள்:

```
adb logcat -b crash -d > crash.txt
```

இதில் செயலிகள் விழுந்த பதிவுகள் மட்டும் வரும். முழு லாகைவிட மிகச் சிறியது.

நெட்வொர்க் பதிவை முழுதாகக் கோப்பாக்கி அனுப்பும் முன் `Cookie`, `Authorization` என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். அவற்றின் மதிப்பு அப்படியே இருந்தால், கோப்பு கையில் கிடைத்தவர் உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிடலாம். அழித்துவிட்டு அனுப்புங்கள். அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது என்றால் அந்தக் கணக்கின் எல்லா அமர்வுகளிலிருந்தும் வெளியேறுங்கள்.

கேள்வி: ஒரே பக்கத்தில் நான்கு பிழைகள் இருந்தால் ஒரே டிக்கெட் போடலாமா?

நான்கு போடுங்கள். மூன்றைச் சரிசெய்த டிக்கெட்டைத் திறந்து வைப்பதா, மூடுவதா என்று யாருக்கும் தெரியாது, நான்காவது அதிலேயே புதைந்துவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கும் என்று தோன்றினால் மற்ற டிக்கெட் எண்களை அடியில் குறிப்பிட்டால் போதும்.