115,000 என்றார்கள், 101,175 தந்தார்கள்

“ஐயா, கொக்குவிலில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் 100,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தேன். எல்லாம் கழித்து 91,975 கைக்கு வரும். யாழ் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனம் 115,000 தருவதாகச் சொன்னதால் மாறினேன். முதல் மாதம் வங்கியில் விழுந்தது 101,175. கேட்டால், ‘115,000 என்பது சி.ரி.சி’ என்கிறார்கள். அவர்கள் கட்டவேண்டிய ஈ.பி.எவ், ஈ.ரி.எவ் காசை என் சம்பளத்தில் எடுத்துவிட்டார்களா? நியமனக் கடிதத்தையும் சம்பளச் சிட்டையையும் அனுப்பியிருக்கிறேன்.”

தம்பி, அப்படி எடுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத வேறொரு சிக்கல் இருக்கிறது. அதுதான் பெரியது.

முதலில் நீங்கள் கேட்டது. சி.ரி.சி என்ற சொல் நம் தொழிற் சட்டங்கள் எதிலும் இல்லை. உங்களை வேலைக்கு வைத்திருக்க நிறுவனத்துக்கு மாதம் எவ்வளவு செலவாகும் என்று அவர்கள் தங்களுக்காகப் போட்டுவைத்த கூட்டுத்தொகை அது. சட்டம் பார்ப்பது உங்கள் ‘உழைப்பூதியம்’ எவ்வளவு என்பதை மட்டும்தான். அந்தத் தொகையில் 8 வீதத்தை உங்களிடம் கழித்து, தங்கள் பங்காக 12 வீதத்தைச் சேர்த்து, ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எவ்வுக்கு, அனுப்ப வேண்டும். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் சொல்வது இது. அதற்கு மேல் 3 வீதம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு, அதாவது ஈ.ரி.எவ்வுக்கு. அந்த 3 முழுக்க நிறுவனத்தின் கையில் இருந்து. உங்களிடம் ஒரு சதமும் கழிக்க முடியாது.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் 115,000 எப்படி வந்தது என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 60,000. ‘நிலையான கொடுப்பனவு’ 46,000. நிறுவனத்தின் ஈ.பி.எவ் பங்கு 7,200, ஈ.ரி.எவ் 1,800. ஆக, உங்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட சம்பளம் 106,000 மட்டுமே. மீதி 9,000 அவர்கள் நிதிகளுக்குக் கட்டுவது. சிட்டையிலும் அந்த 9,000 கழிவுப் பக்கத்தில் இல்லை. கழிவாக இருப்பவை இரண்டுதான்: உங்கள் 8 வீதமான 4,800, முத்திரைக் கட்டணம் 25 ரூபாய். அவற்றைக் கழித்தால் 101,175. கணக்கு பிசகவில்லை.

இதே காசை வேறு மாதிரி எழுதியிருந்தால் கதை மாறியிருக்கும். கடிதத்தில் ‘மாதச் சம்பளம் 115,000’ என்று மட்டும் போட்டுவிட்டு, சிட்டையின் கழிவுப் பக்கத்தில் 12 வீதமும் 3 வீதமும் வந்திருந்தால் அது அப்பட்டமான சட்ட மீறல். தன் பங்கை ஊழியரின் சம்பளத்தில் கழிக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. நீங்கள் கையெழுத்து வைத்திருந்தாலும் இல்லை. அதனால் யாராவது என்னிடம் கடிதம் கொண்டுவந்தால் தொகையைப் பார்க்க முன்னர், அந்தத் தொகைக்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். (பெரும்பாலும் கையெழுத்து வைத்து மூன்று மாதம் கழித்துத்தான் கொண்டுவருவார்கள்.)

சரி, இப்போது பெரிய சிக்கலுக்கு வருவோம். உங்கள் பழைய வேலையின் சி.ரி.சி என்ன என்று போட்டுப் பார்த்தீர்களா? சம்பளம் 100,000. அந்த நிறுவனம் முழுத் தொகைக்கும் நிதி கட்டியிருக்கிறது. உங்கள் 91,975 அதைச் சொல்கிறது. 12,000 ஈ.பி.எவ், 3,000 ஈ.ரி.எவ். கூட்டினால் 115,000. அதாவது பழைய நிறுவனமும் உங்களுக்காக 115,000 தான் செலவழித்தது. புதிய இடத்தில் உங்களுக்காகச் செலவழிக்கும் காசு ஒரு ரூபாயும் கூடவில்லை.

பிறகு எப்படிக் கைக்கு 9,200 கூடுதலாக வந்தது? பழைய இடத்தில் உங்கள் பெயரில் மாதாமாதம் நிதிகளில் விழுந்தது 23,000: உங்கள் 8,000, அவர்களின் 12,000, ஈ.ரி.எவ் 3,000. புதிய இடத்தில் 4,800, 7,200, 1,800 சேர்த்து 13,800. வித்தியாசம் சரியாக அதே 9,200. உங்கள் சேமலாபக் காசையே எடுத்து, சம்பள உயர்வு என்று உங்கள் கையில் தந்திருக்கிறார்கள். வருடத்துக்கு 110,400 ரூபாய், 55 வயதில் கைக்கு வரவேண்டிய கணக்கில் இருந்து வெளியே போகிறது. வட்டி வேறு.

இதற்கு வழி செய்வது அந்த ‘நிலையான கொடுப்பனவு’. ஈ.பி.எவ்வை 60,000 க்கு மட்டும் கட்டிவிட்டு 46,000 ஐக் கணக்கில் இருந்து ஒதுக்கியிருக்கிறார்கள். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான் ஈ.பி.எவ் என்று நம் ஊரில் முதலாளிமாரும் நம்புகிறார்கள், வேலை செய்கிறவர்களும் நம்புகிறார்கள். சட்டத்தில் அப்படி இல்லை. உழைப்பூதியம் என்பதற்கு 47 ஆம் பிரிவு தரும் விளக்கத்தில் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, விசேட வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, அவை போன்ற ஏனைய கொடுப்பனவுகள், லீவு நாட்களுக்கான சம்பளம், சாப்பாட்டுக் கொடுப்பனவு எல்லாம் அடங்கும். மேலதிக நேரச் சம்பளம் அடங்காது. வேலை விஷயமாக ஓடிய பெட்ரோலுக்குப் பில் காட்டி வாங்குவதும் அடங்காது, ஏனென்றால் அது நீங்கள் செலவழித்த காசு திரும்பி வருவது.

ஆகவே கொடுப்பனவுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதில் ஒன்றுமில்லை. எதற்காகத் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி. உங்களுடையது பில் கேட்காமல், லீவு எடுத்தாலும் குறையாமல், மாதாமாதம் ஒரே அளவில் வருகிறது. கடிதத்தில் அதற்குக் காரணம் ஒன்றும் எழுதவில்லை. என் பார்வையில் அது சம்பளத்தின் இன்னொரு துண்டு, அதற்கும் ஈ.பி.எவ் கட்டத்தான் வேண்டும். நிறுவனம் இதை மறுத்து வாதாடும். ஆனால் வாதாடுவதற்கு அவர்களிடம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

சட்டப்படி 106,000 க்கும் கட்டினால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். உங்கள் 8 வீதம் 8,480 ஆகும். கைக்கு 97,495 தான் வரும், இப்போதையதை விட 3,680 குறைவு. பலர் இந்த இடத்தில் “அப்ப வேண்டாம் ஐயா” என்று எழும்பிவிடுவார்கள். ஆனால் நிதிகளில் விழுவது 13,800 இல் இருந்து 24,380 ஆகும், 10,580 கூடுதல். நீங்கள் விடும் 3,680 உம் அந்தக் கணக்குக்குத்தான் போகிறது. மிச்சம் 6,900 நிறுவனம் புதிதாகப் போடும் காசு. அப்போதுதான் நீங்கள் வேலை மாறியதற்கு உண்மையான உயர்வு என்று ஏதாவது இருக்கும்.

நிறுவனம் உடனே சொல்லக்கூடிய பதிலையும் சொல்லிவிடுகிறேன். “எங்கள் உச்சவரம்பு 115,000. முழுவதற்கும் ஈ.பி.எவ் வேண்டுமென்றால் சம்பளத்தை 100,000 ஆக்குகிறோம்.” அப்படிச் செய்தால் கைக்கு 91,975, கொக்குவிலில் இருந்த அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள். இதற்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை. கடிதத்தில் 60,000 உம் 46,000 உம் உங்களுக்குத் தருவதாக எழுதி ஒப்பமிட்ட தொகைகள். உங்கள் சம்மதம் இல்லாமல் அவற்றைக் குறைக்க முடியாது. தங்கள் பங்கைக் கட்டுவது சட்டம் அவர்கள் தலையில் வைத்த பாரம். அது கூடும்போது உங்கள் சம்பளத்தை வெட்டி ஈடுகட்டக் கூடாது. அடுத்த சம்பள உயர்வை இழுத்தடிப்பார்கள், அது வேறு கதை.

இன்னொன்று. உங்கள் தகுதிகாண் காலம் ஆறு மாதம் என்று கடிதம் சொல்கிறது. அந்தக் காலத்தில் வேலையை விட்டு நிறுத்துவது அவர்களுக்குச் சுலபம். அதனால் இன்றைக்கே சண்டைக்குப் போகச் சொல்லமாட்டேன். நிறுவனத்தின் கடன் நாளோடு அழியாது, கூடத்தான் செய்யும். தாமதம் பத்து நாளுக்குள் என்றால் 5 வீத மிகைக்கட்டணம்; அது படிப்படியாக ஏறி, 12 மாதம் தாண்டினால் 50 வீதம். பாக்கி என்று தொழில் திணைக்களம் கணக்குப் போடும்போது 20 வீதத்தையும் நிறுவனத்திடம்தான் கேட்கும். கழிக்காமல் விட்ட 8 வீதத்துக்கு உங்களிடம் வராது.

அதுவரைக்கும் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாதத்துச் சிட்டையையும் வங்கிக் கூற்றையும் வீட்டில் எடுத்து வையுங்கள், அலுவலகக் கணினியில் மட்டும் இருந்தால் போதாது. அப்புறம் உங்கள் ஈ.பி.எவ் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்துக் காசை அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் கட்ட வேண்டும். ஆகவே மூன்றாம் மாதமளவில் மத்திய வங்கியின் ஈ.பி.எவ் பிரிவில் உங்கள் மீதியைப் பார்க்கலாம். முதல் மாதத்துக்கு 12,000 விழுந்திருக்க வேண்டும். ஒன்றுமே விழவில்லை என்றால், சிட்டையில் 4,800 கழித்துவிட்டு அனுப்பாமல் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் தகுதிகாண் காலம் முடியும்வரை காத்திருக்காமல் யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். நியமனக் கடிதம், சிட்டைகள், மீதிக் கூற்று மூன்றின் பிரதியும் போதும், சட்டத்தரணி தேவையில்லை. அவர்கள் நிறுவனத்தின் பதிவேடுகளைப் பரிசோதிப்பார்கள். கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம் வரை கொண்டுபோகும் அதிகாரம் தொழில் ஆணையாளருக்கு உண்டு.

வருமான வரி பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரை வரி இல்லை. பின்னாளில் தாண்டினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஈ.பி.எவ்வுக்குப் போன 8 வீதத்தைக் கழித்துவிட்டு வரி போடமாட்டார்கள். 170,000 சம்பளம் என்றால் மேலேயுள்ள 20,000 க்கு 6 வீதம், 1,200 ரூபாய். ஈ.பி.எவ்வும் முத்திரையும் போக, கைக்கு 155,175.

தகுதிகாண் காலம் முடிந்து நிரந்தரமாக்கும் கடிதம் தரும்போது, ‘உழைப்பூதியம்: 106,000, ஈ.பி.எவ், ஈ.ரி.எவ் முழுத் தொகைக்கும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாயால் அல்ல, மின்னஞ்சலில். சேர்த்தால் நல்லது. மறுத்தால், மறுத்த அந்த மின்னஞ்சலோடு என்னிடம் வாருங்கள்.