மெர்சிடிஸ் சேசிஸ் எண்ணின் பத்தாவது இடம் ஆண்டைச் சொல்வதில்லை

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு பழைய மெர்சிடிஸ் சி கிளாஸ் வாங்கப் பார்க்கிறேன். விற்பவர் 2016 தயாரிப்பு என்கிறார். சேசிஸ் எண்ணை ஓர் இணையதளத்தில் போட்டால் 2002 மாடல் என்றும், எண்ணே செல்லாது என்றும் வருகிறது. எந்தத் தொழிற்சாலை, எந்த எஞ்சின் என்பதையாவது எண்ணை வைத்து உறுதி செய்ய முடியுமா?

பதில்:

விற்பவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனருக்காக இதே வகைக் கார் ஒன்றைப் பார்க்கப் போனபோது எனக்கும் இதே 2002தான் வந்தது. அந்தக் காரின் எண்ணைக் கீழே தருகிறேன். கடைசி ஆறு இலக்கங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

```
WDD 205040 2 F 234567
```

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான கருவிகள் அமெரிக்க, கனடா விதிகளைக் கொண்டு எண்ணைப் படிக்கின்றன. அந்த விதிப்படி ஒன்பதாவது இடம் மற்ற பதினாறு எழுத்துகளையும் வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். பத்தாவது இடம் மாடல் ஆண்டு. 2001 முதல் 2009 வரை 1 முதல் 9 வரையிலான எண்களும், 2010 முதல் A, B, C என்று எழுத்துகளும் அங்கே வரும். ஆனால் அந்தச் சந்தைகளுக்கு வெளியே பல நாடுகளில் விற்கப்படும் கார்களுக்கு இந்த இரண்டும் கட்டாயமல்ல. பதினேழு இடங்கள் என்பதும், I, O, Q ஆகிய மூன்று எழுத்துகள் வரக்கூடாது என்பதும்தான் எல்லோருக்கும் பொது. நடுவில் உள்ள இடங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பது பெருமளவு தயாரிப்பாளர் விருப்பம்.

அந்தத் தலைமுறை மெர்சிடிஸ் கார்களில், முதல் மூன்று எழுத்துகளுக்குப் பின் வரும் ஆறு இலக்கங்கள் சேர்ந்து காரின் வகை எண்ணாகும். ஒன்பதாவது இடம் அந்த வகை எண்ணின் கடைசி இலக்கமே தவிர சரிபார்ப்பு இலக்கம் அல்ல. மேலே உள்ள எண்ணுக்கு அமெரிக்க முறையில் கணக்குப் போட்டால் 5 வரவேண்டும், இருப்பதோ 0. கருவி செல்லாது என்று சொன்னதற்கு அதுதான் காரணம், மோசடி அல்ல. பத்தாவது இடத்தில் உள்ள 2 வலப்பக்க ஸ்டீயரிங்கைக் குறிக்கிறது. இடப்பக்க ஸ்டீயரிங் என்றால் 1 இருக்கும். ஆகவே சிங்கப்பூரில் ஓடும் இந்த வகைக் கார்கள் அத்தனையையும் அந்தக் கருவி 2002 மாடல் என்றே காட்டும். உண்மையில் 205 என்று தொடங்கும் இந்தத் தலைமுறை விற்பனைக்கு வந்ததே 2014இல்தான். 2002இல் ஓடிய சி கிளாஸின் வகை எண் 203.

தொழிற்சாலையைப் பொறுத்தவரை பதினோராவது இடத்தைப் பார்க்க வேண்டும். இங்கே உள்ள F ஜெர்மனியின் பிரேமன் ஆலையைக் குறிக்கிறது. முதல் எழுத்து W என்பதை மட்டும் பார்த்து ஜெர்மனியில் கட்டப்பட்டது என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள், அது போதாது. முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளருக்கு ஒதுக்கப்பட்டவை. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் ஆலையில் கட்டிய சி கிளாஸ் கார்களும் WDD என்றே தொடங்கும். அமெரிக்காவின் டஸ்கலூசா ஆலையில் கட்டியவைதான் 55S என்று வேறு விதமாகத் தொடங்கும். அவற்றில் பத்தாவது இடம் உண்மையாகவே மாடல் ஆண்டு.

எனக்குப் பயன்பட்டது ஆறு இலக்க வகை எண்தான். நாங்கள் பார்த்த காரின் பின்புறத்தில் சி 200 என்று ஒட்டியிருந்தது, விளம்பரத்திலும் அப்படியே. 205040 என்பதோ சி 180. சி 200 ஆக இருந்தால் 205042 என்று இருந்திருக்கும். உடனே லாக் கார்டைக் கேட்டேன். எஞ்சின் எண் 274910 என்று தொடங்கியது, கொள்ளளவு 1595 சிசி, திறன் 115 கிலோவாட். சி 200 என்றால் எஞ்சின் எண் 274920 என்று தொடங்கி, கொள்ளளவு 1991 சிசி என்றும் திறன் 135 கிலோவாட் என்றும் இருந்திருக்க வேண்டும். வகை எண், எஞ்சின் எண்ணின் தொடக்கம், லாக் கார்டின் சிசி ஆகிய மூன்றும் ஒன்றையே சொன்னபோது, பொய் சொன்னது பின்புறப் பெயர்ப்பலகை மட்டும்தான் என்பது தெளிவாயிற்று. இங்கே சாலை வரி எஞ்சின் கொள்ளளவை வைத்தே கணக்கிடப்படுவதால், முந்தைய உரிமையாளர் சி 180க்கான வரியைக் கட்டிக்கொண்டு சி 200 என்ற பெருமையைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார். விற்பனையாளரிடம் சொன்னபோது, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

இனி ஆண்டு. அதை எண்ணிலிருந்து எடுக்கவே முடியாது. லாக் கார்டில் தயாரிப்பு ஆண்டும் முதல் பதிவுத் தேதியும் தனித்தனியாக இருக்கும். 2016 இறுதியில் கட்டிய கார் 2017இல் இங்கே பதிவாவது இயல்பே. சிஓஇயின் பத்து ஆண்டுகள் பதிவுத் தேதியிலிருந்து ஓடுகின்றன என்பதால் விலை பேசும்போது அதுவும் வேண்டும். தயாரிப்பு ஆண்டை நேரில் சரிபார்க்க, இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்து அதன் அடியில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். பட்டையின் தயாரிப்புத் தேதி கார் கட்டப்பட்டதற்குச் சற்று முன்னதாக இருக்கும். நாங்கள் பார்த்த காரில் மூன்று பட்டைகள் 2016 என்றும், ஓட்டுநர் பட்டை மட்டும் 2019 என்றும் காட்டின. அது ஆண்டு மோசடிக்கு அடையாளம் அல்ல. விபத்தில் பட்டை மாற்றப்பட்டிருக்கலாம் என்பதற்கு அடையாளம், ஆகவே அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டியதாயிற்று.

எண்ணை விளம்பரத்திலிருந்தோ லாக் கார்டிலிருந்தோ மட்டும் எடுக்காதீர்கள். காரில் வலப்பக்க முன் இருக்கைக்கு முன்னால் கம்பள மடிப்பைத் தூக்கினால் தரைத் தகட்டில் அடித்த எண் தெரியும். கதவுத் தூணில் உள்ள ஒட்டுச்சீட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். தகட்டில் எழுத்துகளின் ஆழமோ இடைவெளியோ சீராக இல்லாமலிருந்தாலும், சுற்றிலும் தேய்த்த தடமோ புதிய பெயிண்டோ இருந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.

விற்பவர் சொல்லும் ஏஎம்ஜி உடல் அமைப்பு, பனோரமா கூரை போன்றவை எண்ணில் இருக்காது. அவற்றைக் காரோடு தொழிற்சாலை பதிந்த தரவு அட்டையில்தான் பார்க்க முடியும். அதிகாரபூர்வ முகவரின் சர்வீஸ் மேசையில் உரிமையாளர் கேட்டால் அதை எடுத்துப் பார்ப்பார்கள். பின்னால் பொருத்தியது அந்த அட்டையில் வராது.

ஜப்பானிலிருந்து பேரலல் இம்போர்ட் ஆக வரும் ஜப்பானியத் தயாரிப்புக் கார்களில் இதில் எதையும் தேடிப் பயனில்லை. ஹோண்டா வெசல் ஹைபிரிடின் எண் RU3-1234567 என்பது போல வகைக் குறியும் வரிசை எண்ணும் மட்டுமே கொண்டிருக்கும். பதினேழு இடங்களே கிடையாது.

உங்கள் காரில் நான்காவது முதல் ஒன்பதாவது வரை உள்ள ஆறு இலக்கங்களையும், லாக் கார்டில் எஞ்சின் எண்ணின் முதல் ஆறு இலக்கங்களையும் கருத்தில் எழுதினால் இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன். கடைசி ஆறு இலக்கங்களை வெளியில் போட வேண்டாம்.