தலை போன கம்பம்

அன்புள்ள ஐயா,

காலையில் எடுத்த ஒரு தெருப்படம். பெரியவர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். மேலே மின்கம்பிகள், வலது ஓரத்தில் ஒரு மின்கம்பம். கம்பிகள் கண்ணை உறுத்தின, அதனால் மேலிருந்து 800 பிக்சல் கிராப் செய்துவிட்டேன் (மூலப்படம் 6000-க்கு 4000). படம் சுத்தமாகிவிட்டது, ஆனால் என்னவோ சரியில்லை. சமநிலை போய்விட்டதா, இல்லை என் பிரமையா? இன்னும் வெட்டினால் அச்சிடத் தேறாதோ என்றும் பயம். இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிரமை இல்லை. கம்பிகளை எடுத்துவிட்டீர்கள், கம்பத்தை விட்டுவிட்டீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

மூலப்படத்தை முதலில் பாருங்கள். கம்பிகள் இடது மேல்மூலையிலிருந்து சரிந்து வந்து கம்பத்தின் குறுக்குச்சட்டத்தில் முடிகின்றன. கண் அந்தச் சரிவில் வழுக்கி வந்து, கம்பத்தோடு கீழே இறங்கி, பக்கத்தில் இருக்கும் பச்சைக் கதவைத் தொட்டு, பெரியவரிடம் திரும்புகிறது. அழகோ இல்லையோ, அவை ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தன. நீங்கள் வெட்டியதும் கம்பத்துக்குத் தலை போய்விட்டது. முழுக் கம்பம் என்றால் அது தெருவில் நிற்கும் ஒரு பொருள். மேல் விளிம்பில் முட்டி நிற்கும் மொட்டைக் கம்பம் வெறும் கருப்புப் பட்டை, படத்தின் வலது ஓரத்தைத் தனியாக நறுக்கிப் போடுகிறது. நானும் ஒருமுறை இப்படி வெட்டிய படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கருப்புக் கோட்டைத்தான் முதலில் பார்த்தார்கள்.

இன்னொன்று, மேல் விளிம்பில் இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை முக்கோணம் மிஞ்சியிருக்கிறது. 200 பிக்சல் உயரம்கூட வராது. வானம் நிறைய இருந்தபோது அது வானமாக இருந்தது, இப்போது துண்டு. விளிம்பை ஒட்டி இருக்கும் சின்ன வெளிச்சத்துக்கு இழுவை அதிகம். சந்தேகமாக இருந்தால் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, கண்ணை மூடித் திறந்து பாருங்கள், முதலில் படுவது பெரியவரா முக்கோணமா என்று. எனக்கு முக்கோணம்தான் பட்டது.

பெரியவருக்கு மட்டும் உங்கள் வெட்டு நல்லதே செய்திருக்கிறது. மூலத்தில் அவர் தலை ஏறக்குறைய பாதி உயரத்தில் இருந்தது, இப்போது மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. ஆனால் காலுக்குக் கீழே இருக்கும் 600 பிக்சல் தார்ச்சாலை படத்தில் 15 சதவீதமாக இருந்தது, இப்போது 19. மேலே வெட்டினால் கீழே கனம் கூடும், இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே இரண்டில் ஒன்று. கம்பம் தலையோடு இருக்கட்டும், அல்லது முழுசாகப் போகட்டும். நான் உங்கள் மூலப்படத்தைத் திறந்து, திரையின் மேலும் வலப்பக்கமும் வெள்ளைக் காகிதப் பட்டையை வைத்து நகர்த்திப் பார்த்தேன். மேலே 1050 வரை இறக்கினால் முக்கோணம் போய், சுவர் மட்டும் நிற்கிறது. வலப்பக்கம் 900 எடுத்தால் கம்பமும் போய்விடுகிறது. கீழே 150 எடுத்தால் சாலையின் பங்கு 16 சதவீதத்துக்குத் திரும்புகிறது. மிஞ்சுவது 5100-க்கு 2800.

கம்பம் போனால் வலப்பக்கம் காலியாகிவிடாதா என்பதுதான் என் பயம். கதவு காப்பாற்றியது. சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்: கனமானவர் நடுவுக்குக் கிட்டே உட்கார்ந்தால், எதிர்முனையில் ஒரு குழந்தை போதும். புதிய வெட்டில் பெரியவர் நடுவிலிருந்து 650 பிக்சல் இடப்பக்கம், கதவு 1450 பிக்சல் வலப்பக்கம். அவர் நடந்து போகும் திசையில்தான் கதவும் இருக்கிறது, அதனால் பார்வை அங்கே போய்ச் சேர்கிறது. கதவு மட்டும் இல்லையென்றால் கம்பிகளோடு மூலப்படத்தையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

கம்பிகளின் நிழல் மூன்று கோடுகளாகச் சாலையில் விழுந்திருக்கிறதே, அதைத் தொடாதீர்கள். மேலே ஏதோ ஓடுகிறது என்று தெரிந்தால் போதும், எனக்கு அது பிடித்திருக்கிறது. கம்பிகளை மென்பொருளில் அழிப்பதும் ஒரு வழிதான், ஆனால் செய்திப்படப் போட்டிகளில் வெட்டலாம், அழிக்கக் கூடாது என்பது பொதுவான விதி.

அப்புறம் அச்சு. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தாலும் 5100 பிக்சலில் 17 அங்குல அகலம் வருகிறது, உயரம் ஒன்பதுக்குச் சற்று மேல். வழக்கமான சட்டங்களுக்குள் இந்த விகிதம் அடங்காது, மேலும் கீழும் அகலமான வெள்ளை ஓரம் விட்டு அச்சிடச் சொல்லுங்கள்.