ஐந்து கோடி என்று எழுதாதே, அந்தக் கிணற்றை எழுது

போன ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்தில் இருந்து ஒரு குடும்பம் மகளின் வேலை விஷயமாக என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. அம்மா, அப்பா, தாய்மாமன், மூன்று வருடமாக ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராக இருக்கும் மகள். சம்பளம் 22,000 ரூபாய். எட்டு மாதமாகப் பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு இடத்தில் இருந்தும் கூப்பிடவில்லை. மாமா ஒரு முடிவோடு வந்திருந்தார். வெளிநாட்டில் கட்டுமான மேலாண்மையில் மேல்படிப்பு, 38 லட்சம் கடன், அடமானமாக வீட்டுப் பத்திரம். "பொம்பளப் பொண்ணு எத்தனை நாளைக்கு சார் வெயில்ல ஜல்லி மேல நிப்பா? வெளிநாட்டுப் பட்டம்னு ஒண்ணு இருந்தா நாலு பேர் மதிப்பாங்க" என்றார்.

அம்மாவின் கண் கலங்கியிருந்ததால் முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். அதற்குமேல் அப்படியே பேசிக்கொண்டிருப்பது சரியில்லை என்று தோன்றியது. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். பத்தரை சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் 51,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. அங்கே வேலை கிடைக்காமல் திரும்பினால், இந்தத் தவணையை இங்கே வாங்கும் சம்பளத்தில் கட்ட வேண்டும். இருப்பதோ ஒரே வீடு. அந்தப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது என்று மாமாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

அப்புறம் அந்தப் பெண்ணின் ரெஸ்யூமேயைக் கேட்டு வாங்கினேன். இரண்டு பக்கம். சைட் அனுபவம் என்று இருந்தது ஒரே ஒரு வரி: ஐந்து கோடி ரூபாய் மதிப்புள்ள பல குடியிருப்புத் திட்டங்களை நிர்வகித்தேன். மீதி எல்லாம் சாப்ட்வேர் பெயர்கள், கல்லூரிப் பரிசுகள், பொழுதுபோக்கு. மேலே ஒரு அழகான வீட்டின் முப்பரிமாணப் படம்.

"எந்த ஐந்து கோடி?" என்று கேட்டேன். அவள் தயங்கினாள். அந்த வருடம் காண்ட்ராக்டர் எடுத்திருந்த நாலு கட்டிடத்தின் மொத்தத் தொகையாம் அது. இவள் முழு நேரமாக நின்றது வேலூர் சத்துவாச்சாரியில் கட்டிய ஒரு லாட்ஜில். மற்ற மூன்றுக்கும் ஆள் இல்லாத நாளில் போய்வந்திருக்கிறாள். "சரி, அந்த லாட்ஜைப் பத்திச் சொல்லும்மா" என்றேன். இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினாள்.

தூண்களைத் தாங்கும் அடித்தளமான ஃபுட்டிங்குக்குக் குழி தோண்டும்போது ஏழாவது குழியில் மட்டும் மண்ணின் நிறம் மாறியிருக்கிறது. மற்ற குழிகளில் நாலரை அடியிலேயே கெட்டியான சரளை வந்துவிட்டது. இதில் ஒரு பக்கம் சரளை, மறு பக்கம் கறுப்பாகப் பொலபொலவென்ற மண், அதில் ஓட்டுத் துண்டுகளும் ஒரு பழைய டயரும். ஜேசிபியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கடப்பாரையால் குத்திப் பார்த்தாள். கையோடு உள்ளே போனது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் விசாரித்தபோது, அங்கே நிலமாக இருந்த காலத்தில் ஒரு கிணறு இருந்தது, மனை போட்டபோது குப்பையைக் கொட்டி மூடிவிட்டார்கள் என்றார். மேஸ்திரி, "கொஞ்சம் ஜல்லி கொட்டி இடிச்சுட்டுப் போட்டுடலாம்" என்றாராம். அவள் விடவில்லை. அப்படிப் போட்டிருந்தால் அந்த ஒரு தூண் மட்டும் மெல்ல இறங்கியிருக்கும். ஒரு வருடத்துக்குள் அதைச் சுற்றியுள்ள சுவர்களில் மூலைவாட்டில் விரிசல் ஓடியிருக்கும். அந்தக் குழியை மட்டும் நிறுத்திவைத்து, அளவெடுத்து, படம் பிடித்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு அனுப்பினாள். அவர் வந்து பார்த்தார். பாரம் கிணற்றின் மேல் விழாதபடி ஃபுட்டிங்கைக் கெட்டி மண் பக்கமாகத் தள்ளி, பக்கத்துத் தூணோடு ஒரு பீம் போட்டு இணைத்து வேறு வரைபடம் கொடுத்தார். அதிகச் செலவு 1.85 லட்சம், தாமதம் 11 நாள். அந்தக் கூடுதல் வேலையை அளந்து, பில்லில் தனி ஐட்டமாகப் போட்டு, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கியதும் இவள்தான்.

இதில் ஒரு வரிகூட ரெஸ்யூமேயில் இல்லை!

அம்மா, உங்கள் மகளுக்குக் குறைவது பட்டம் இல்லை. செய்த வேலையைப் படிக்கிறவருக்குப் புரியும்படி அவள் இன்னும் எழுதிக் காட்டவில்லை. ஒரு கட்டிடத்துக்கு ஒரு பக்கம், மொத்தம் நாலைந்து பக்கம். இதை யாரும் ஒரு வழியாகவே நினைப்பதில்லை. செலவு கிடையாது, மூன்று வாரம் உட்கார்ந்தால் போதும்.

அந்த லாட்ஜுக்கான பக்கத்தை அன்றைக்கே அங்கேயே எழுதினோம். முதல் வரியில் கட்டிடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: தரைத்தளமும் இரண்டு மாடியும், தளத்துக்கு 1,850 சதுர அடி, மொத்தம் 5,550 சதுர அடி, லாட்ஜ், வேலூர், 14 மாதம். பெரிய திட்டம், பிரம்மாண்டம் போன்ற சொற்கள் வேண்டாம். சதுர அடியும் மாதமும் சொன்னாலே படிக்கிறவர் அளவைப் புரிந்துகொள்வார்.

அடுத்தது பணம். இங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கட்டிடத்தில் மூன்று வேறு தொகைகள் இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். உரிமையாளருக்கு ஆன முழுச் செலவு 1.22 கோடி. டைல்ஸ், வயரிங், குழாய்ச் சாமான் எல்லாம் அவரே வாங்கியது போக, காண்ட்ராக்டரின் சிவில் ஒப்பந்தம் 96 லட்சம். அதில் இவள் நேரடியாகக் கணக்கு வைத்தது கம்பியும் சிமென்டும், சுமார் 22 லட்சம். அந்த 96 லட்சத்துக்கும் ஒன்பது பில்லாக அளவெடுத்து எழுதியது இவள் கை. 22 லட்சம் என்று போட்டால் சின்னதாகத் தெரியுமே என்று மாமா கவலைப்பட்டார். தெரியட்டும். 22 லட்சம் மதிப்புள்ள பொருளுக்குக் கணக்குச் சொல்கிற இருபத்தைந்து வயதுப் பெண்ணை ஒரு நிறுவனம் நம்பும். ஐந்து கோடியை நிர்வகித்தேன் என்பவரிடம் முதல் கேள்வியே சந்தேகத்தோடுதான் வரும்.

நேர்காணல் எடுப்பவர் இந்த எண்களை உடனே மனதுக்குள் வகுத்துப் பார்ப்பார். 1.22 கோடியை 5,550-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஏறக்குறைய 2,200 ரூபாய், பொருந்துகிறது. இதே பரப்புக்கு ஐந்து கோடி என்று போட்டிருந்தால் 9,000 ரூபாய் வரும், தாளைக் கீழே வைத்துவிடுவார். கம்பியும் அப்படித்தான். இந்த மாதிரிக் கட்டிடத்துக்குச் சதுர அடிக்கு மூன்றரை, நாலு கிலோ என்பது அவர்களுக்கு மனப்பாடம். இவள் கட்டிடத்துக்கு வந்தது 20.4 டன், அதாவது 3.7 கிலோ. எந்தக் கம்பி எத்தனை, எவ்வளவு நீளம் என்று வரைபடத்தை வைத்து இவள் போட்ட பார் பெண்டிங் கணக்குப்படி தேவை 19.6 டன். வித்தியாசம் 800 கிலோ, நூற்றுக்கு நாலு. வெட்டுத் துண்டுகளுக்கு அது போகக்கூடியதுதான். வாங்கியது இவ்வளவு, கட்டிடத்துக்குள் போனது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் பில்லிங் இன்ஜினியர் வேலைக்குத் தேடுகிறார்கள். இந்தக் கணக்கு அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் பென்சிலில் இருந்தது. அப்பா அந்த நோட்டை வாங்கி ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். தறிக்கு நூல் கணக்குப் பார்க்கிறவர், அவருக்குப் புரிந்தது.

பொறுப்பை எழுதும்போது நிர்வகித்தேன் என்ற சொல்லையே எடுத்துவிடச் சொன்னேன். யார் என்ன செய்தார்கள் என்பதை அது மறைத்துவிடுகிறது. நானே செய்தது, நான் சரிபார்த்தது, கூட இருந்து உதவியது என்று மூன்றாகப் பிரித்தோம். நானே செய்ததில் பார் பெண்டிங் கணக்கு, அளவெடுப்பு, பில், தினசரி ஆள் கணக்கு. சரிபார்த்ததில் கான்கிரீட் போடும் முன் கம்பி இடைவெளி, கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக், சென்ட்ரிங் மட்டம், கான்கிரீட்டின் பலம் பார்க்கக் கியூப் எடுத்து லேபுக்கு அனுப்பியது. உதவியதில் கிணற்றுக்கான புது வடிவமைப்பு. அது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருடையது, அப்படியே எழுத வேண்டும். கண்டுபிடித்து நிறுத்தியது மட்டும்தான் இவளுடையது, அதுவே போதும். பக்கத்தின் நடுவில் நாலு வரியில் அந்தக் கிணறு வந்தது: என்ன பார்த்தாள், என்ன செய்தாள், யார் முடிவு கொடுத்தார், எவ்வளவு செலவு, எத்தனை நாள்.

படத்துக்கு வருகிறேன். ரெஸ்யூமேயின் மேலே இருந்த முப்பரிமாணப் படம் ஒரு ஆர்க்கிடெக்ட் வரைந்தது. அவர் பெயர் இல்லாமல் அதைப் போடுவது தவறு, எடுத்துவிட்டோம். தலைப்பில் "ஆர்க்கிடெக்ட் அண்ட் இன்ஜினியர்" என்று போட்டுக்கொள் என்று யாரோ உறவுக்காரர் வேறு சொல்லியிருக்கிறார். கூடவே கூடாது. 1972-ஆம் வருடத்து ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்கள்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

அவள் போனில் ஆயிரத்துக்கு மேல் படம் இருந்தது. பாதி கிரகப்பிரவேசத்தன்று வாழைமரத்தோடு எடுத்தது. கட்டிடம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் இவள் வேலை எங்கே தெரிகிறது? மூன்று படம் தேர்ந்தெடுத்தோம். ஒன்று, ஏழாவது குழி: ஒரு பக்கம் சரளை, ஒரு பக்கம் கறுப்பு மண், குறுக்கே விரித்த டேப். இரண்டாவது, கான்கிரீட்டுக்கு முந்தின நாள் மாலையில் ஸ்லாப் கம்பி. மூன்றாவது, முடிந்த கட்டிடம், சின்னதாக. ஒவ்வொன்றின் கீழும் தேதியும், எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரியும்.

உரிமையாளர் பெயர், கதவு எண், காண்ட்ராக்டரின் ஐட்டம் ரேட் எதுவும் இதில் வரக்கூடாது. மொத்தத் தொகையையும் படத்தையும் போட இருவரிடமும் வாயால் கேட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு சரி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பழைய இடத்து ரேட்டை வெளியில் காட்டுகிறவர், நாளைக்கு நம் ரேட்டையும் காட்டுவார் என்றுதான் புது முதலாளி நினைப்பார்.

மாமா கடைசியாக ஒருமுறை வெயிலைப் பற்றிப் பேசினார். வேலூர் மே மாத வெயில் எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெண் கிணற்றைப் பற்றிப் பேசின இருபது நிமிடமும் அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். "அவ முகத்தைப் பார்த்தீங்களா அண்ணே?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. சைட்டை விட்டு அவளை இழுத்து ஏசி அறையில் உட்கார வைப்பதற்கு 38 லட்சம் கொடுக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். பில்லிங் வேலையில் பாதி நாள் சைட், பாதி நாள் ஆபீஸ். ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைக் கட்டிடம் எடுக்கும் நிறுவனங்களுக்கு இந்தப் பக்கங்களோடு அவள் முதலில் விண்ணப்பிக்கட்டும்.

மற்ற மூன்று கட்டிடத்துக்கும் அவள் நின்ற வாரங்கள், அந்த வாரங்களில் போட்ட கான்கிரீட், வந்த கம்பி மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். பென்சில் நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.